மழையை முதல் நாளே மூட்டு சொல்லிவிடுமா?

"வணக்கம் டாக்டர். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் கிராமம். அம்மாவுக்கு 58 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, கொஞ்ச நாளாக இடுப்பும் விறைத்துக்கொள்கிறது. வானம் மோடம் போட்டாலே 'நாளைக்கு மழைடா, மூட்டு குடையுது' என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. எனக்கு 31 வயது, ஓசூரில் கம்பெனி வேலை, ராயக்கோட்டை வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மாதம் நாலைந்து தடவை ஒருபக்கத் தலைவலி வருகிறது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அதிகம். போனில் காற்றழுத்தம் காட்டும் ஆப் போட்டிருக்கிறேன், அழுத்தம் இறங்கினால் வலி வரும் என்று எச்சரிக்கை கொடுக்கிறது. இதெல்லாம் நிஜமா, மனப்பிரமையா? ஆராய்ச்சியில் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்?"
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி மாவட்டம்

தம்பி, மனப்பிரமை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வானிலைக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு என்று ஒழுங்காக நடந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. அதே ஒழுங்கோடு நடந்த வேறு சில, ஒன்றும் இல்லை என்கின்றன. உண்டு என்பவையும் சின்னத் தொடர்பு என்றுதான் சொல்கின்றன. முதல் நாளே மழையைச் சொல்லிவிடுகிற அளவுக்கு யாருடைய மூட்டும் எந்தப் பரிசோதனையிலும் தேறியதில்லை.

முதலில் உங்கள் ஆப்பை எடுத்துக்கொள்வோம். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

காற்றழுத்தம் என்பது நம் தலைக்கு மேலே நிற்கிற காற்றின் எடை. மேலே ஏற ஏற அது குறையும். நம் பக்கத்து உயரத்தில் சுமார் 9 மீட்டர் ஏறினால் 1 மில்லிபார் இறங்கும். போனில் hPa என்று போட்டிருப்பதும் அதே அளவுதான். பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு நீங்கள் ஏறுவது ஏறக்குறைய 400 மீட்டர். அப்படியென்றால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குள் உங்கள் உடம்பைச் சுற்றியுள்ள அழுத்தம் 40 மில்லிபாருக்குக் கிட்டே இறங்குகிறது. மாலையில் திரும்பும்போது அவ்வளவும் ஏறுகிறது. வங்கக் கடலில் உருவாகிற ஒரு புயல் சின்னம் கரையேறி, வலு குறைந்து நம் மாவட்டத்தைத் தாண்டும்போது இங்கே அழுத்தம் எவ்வளவு இறங்கும்? ஐந்தாறு மில்லிபார், மிஞ்சினால் பத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, ஃபெஞ்சல் புயலின் மிச்சம், அப்போதும் நீங்கள் ஓசூர் போய்வருகிற அளவுக்கு அழுத்தம் மாறியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. நம்மைப் போல வெப்ப மண்டலத்தில் இருக்கிற ஊர்களில், மழையோ வெயிலோ, அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி வாக்கில் உச்சம், பிற்பகல் நாலு மணிக்கு இறக்கம், மறுபடி இரவு பத்துக்கு ஏற்றம், விடிகாலை நாலுக்கு இறக்கம். வித்தியாசம் மூன்று நான்கு மில்லிபார் இருக்கும். ஆப் உங்களுக்கு மத்தியானத்தில் எச்சரிக்கை கொடுக்கிறது என்றால், தினசரி நடக்கிற இந்த இறக்கத்தைத்தான் அது பெரிதாக்கிக் காட்டுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு வாரம் அந்தக் கோட்டை உற்றுப் பாருங்கள், அலை அலையாக ஒரே மாதிரி போவது தெரியும்.

(ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வானிலைச் செய்தியில் 1010 என்று இருக்கும், போனின் சென்சார் உங்கள் ஊரில் 955, 960 என்று காட்டும். இரண்டும் சரிதான். செய்தியில் வருவது கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டது, போன் காட்டுவது நீங்கள் நிற்கிற இடத்தில் உள்ள உண்மையான அழுத்தம்.)

ஆகவே அழுத்தம் இறங்குவதே தலைவலிக்குக் காரணம் என்றால், ஓசூரில் இறங்குகிற ஒவ்வொரு காலையும் தலை வலிக்க வேண்டும். மாதம் இருபதுக்கு மேற்பட்ட வேலை நாளில் நாலைந்து நாள்தான் வலிக்கிறது என்கிறீர்கள். அம்மாவையும் ஒருமுறை ஓசூருக்கோ ஏற்காட்டுக்கோ அழைத்துப்போனால், புயல் சின்னத்தைப் போல் பல மடங்கு அழுத்த இறக்கத்தை அவர் முழங்கால் பார்த்துவிடும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரம். அங்கே மூட்டு வலிக்காரர்கள் எல்லோரும் படுத்துக்கிடப்பதாக யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் ஏறும்போது அழுத்தம் வேகமாக மாறுகிறது, புயல் வரும்போது மெல்ல மெல்ல மாறி நாள் கணக்கில் அப்படியே நிற்கிறது, அதனால் இரண்டும் ஒன்றில்லை என்று ஒருவர் வாதாடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் அழுத்தம் மட்டுமே குற்றவாளி என்கிற கதை இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். நான் முதலில் சொல்வது 1996-ல் வந்த ஒன்று. கனடாவின் டாக்டர் டொனால்ட் ரெடெல்மயரும் உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் செய்தது. முடக்குவாத நோயாளிகள் 18 பேரை 15 மாதம் தொடர்ந்து, மாதம் இரண்டு முறை வலியை அளந்து, அந்தந்த நாளின் வானிலையோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு ஏதும் தென்படவில்லை. ஆனால் நோயாளிகளுக்கோ உறுதியான நம்பிக்கை இருந்தது. பிறகு அவர்கள் கல்லூரி மாணவர்களிடம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு எண் வரிசைகளைக் கொடுத்து, 'இது வலி, இது அழுத்தம், தொடர்பு தெரிகிறதா' என்று கேட்டார்கள். பலருக்குத் தெரிந்தது! நம் மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. 18 பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, மாதம் இருமுறை அளப்பதும் போதாது. அதனால் இதை வைத்துத் தொடர்பே இல்லை என்று முடித்துவிடக் கூடாது. நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதை அது நன்றாகக் காட்டியது.

பெரிய அளவில் நடந்தது பிரிட்டனில், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. 2019-ல் வெளியானது. நாள்பட்ட வலி உள்ளவர்கள் 2,658 பேர், பெரும்பாலும் மூட்டு நோயாளிகள், தினமும் தங்கள் வலியைப் போனில் பதிவு செய்தார்கள். அவர்கள் இருக்கும் இடத்தைப் போனே கண்டுபிடித்து அந்த இடத்து வானிலையை இணைத்துக்கொண்டது. இதில் ஒரு நல்ல உத்தி இருந்தது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அதே ஆளின் வலி கூடிய நாளை அதே ஆளின் சாதாரண நாளோடு ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு வயது, எடை, நோய் எதுவும் நாளுக்கு நாள் மாறாது, எனவே அவை கணக்கைக் குழப்பாது. முடிவு: காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருந்த நாள், அழுத்தம் குறைந்த நாள், காற்று வேகமாக அடித்த நாள் ஆகியவற்றில் வலி சற்று அதிகம். அதிலும் ஈரப்பதத்தின் பங்குதான் முன்னால் நின்றது. மழை பெய்ததா இல்லையா என்பதற்கும் வலிக்கும் தொடர்பு காணவில்லை. மனநிலையையும் நடமாட்டத்தையும் கணக்கில் கழித்த பிறகும் அந்தச் சிறிய தொடர்பு நின்றது. அதனால்தான் நான் மனப்பிரமை என்று சொல்லத் தயங்குகிறேன்.

எவ்வளவு சிறியது? ஈரமும் காற்றும் குறைந்த அழுத்தமும் சேர்ந்த மோசமான நாளில் வலி கூடும் வாய்ப்பு 20 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறியது. கேட்பதற்குப் பெரிதாக இருக்கும், இதைத்தான் செய்தித்தாள்கள் தலைப்பில் போட்டன. ஆனால் சாதாரண நாள் நூறில் ஐந்து நாள் வலி கூடுகிறவருக்கு, அப்படிப்பட்ட மோசமான நாள் நூறில் ஆறு நாள் கூடும், அவ்வளவுதான். அந்த ஆறில் ஐந்து எப்படியும் வந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானக்காரர்களிடமும் முதுகுவலிக்காரர்களிடமும் இதே உத்தியில் நடத்திய ஆய்வுகளில் ஈரப்பதம், அழுத்தம் எதற்கும் சொல்லும்படியான பங்கு தெரியவில்லை.

பிரிட்டனில் கிடைத்த கணக்கை அப்படியே தருமபுரிக்குத் தூக்கி வரவும் முடியாது. அங்கே ஒரு வாரத்துக்குள்ளேயே அழுத்தம் இருபது முப்பது மில்லிபார் ஏறி இறங்குவது வழக்கம். இங்கே அது வருஷம் முழுக்கத் தேடினாலும் அபூர்வம். இங்கே நிஜமாகவே மாறுவது ஈரப்பதமும் வெப்பமும். பங்குனி, சித்திரை மத்தியானத்தில் உதடு வெடிக்கிற வறட்சி, ஐப்பசியில் துணி காயாத ஈரம். அப்போதும்கூட, ஒரே நாளுக்குள் விடியற்காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், மத்தியானம் பாதிக்கு இறங்கும். காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பது ஈரத்தால் என்று சொல்கிறவர்கள் உண்டு. இரவெல்லாம் அசையாமல் கிடந்ததற்கே தேய்மான மூட்டு விறைக்கும், எழுந்து நடமாடினால் அரைமணிக்குள் விட்டுவிடும்.

அப்படியானால் உடம்புக்குள் இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். மூட்டுக்குள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு, அந்த வித்தியாசமும் மூட்டைச் சேர்த்துப் பிடிப்பதில் பங்கு வகிக்கிறது. 1836-லேயே வெபர் சகோதரர்கள் என்ற ஜெர்மானியர்கள், தசைகளையெல்லாம் அறுத்துவிட்ட சடலத்தின் இடுப்பு மூட்டில் தொடை எலும்பு தானாக நிற்பதையும், மூட்டுக் குழியில் துளை போட்டுக் காற்றை விட்டதும் அது கழன்று கீழே இறங்குவதையும் காட்டினார்கள். எனவே அழுத்தம் மூட்டுக்கு அந்நியமல்ல. ஆனால் 960 மில்லிபாரில் ஐந்தாறு குறைவது ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் மூட்டு வீங்கி விரிகிறது என்று வீடியோக்களில் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஜப்பானில் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில் வேறொரு வழி தெரிந்தது. அழுத்தத்தைக் குறைத்தபோது, ஏற்கெனவே நரம்பு அடிபட்ட எலிகளுக்கு வலி கூடியது. உள்காதைச் செயலிழக்கச் செய்துவிட்டால் கூடவில்லை. அழுத்தத்தை உணர்வது மூட்டு அல்ல, காதாக இருக்கலாம் என்பதற்கு இது ஒரு குறிப்பு. அவர்கள் குறைத்தது இருபத்தேழு மில்லிபார் அளவில். அதுவும் எலியில்.

அம்மா சொல்வது பெரும்பாலும் சரியாகிறதே என்றீர்கள். உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள்: வானம் மோடம் போட்டால் அவர் சொல்கிறார். மோடத்தைப் பார்த்த பிறகுதானே மூட்டு பேசுகிறது? வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் திரண்டிருக்கும் நாளில் 'நாளைக்கு மழை' என்று யார் சொன்னாலும் பாதிக்கு மேல் பலிக்கும். மாசியில் வெளிச்சமான வானத்தைப் பார்த்துக்கொண்டே அவர் மழையைச் சொல்லி, அது பலித்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு மாதம் போதும். தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மா அன்றைய வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண் சொல்லட்டும், நாட்காட்டித் தாளில் எழுதுங்கள். மறுநாள் யோசித்துத் திருத்தக் கூடாது, மழையைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் எழுதக் கூடாது. வானிலையை நீங்கள் தனியாக வேறொரு நோட்டில் குறித்து வையுங்கள், அம்மாவிடம் காட்டாதீர்கள். கடைசியில் இரண்டையும் சேர்த்து நாலு கட்டம் போடுங்கள்: மழை உண்டு வலி அதிகம், மழை உண்டு வலி இல்லை, மழை இல்லை வலி அதிகம், மழை இல்லை வலி இல்லை.

ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். 60 நாளில் 18 நாள் மழை. அதில் 9 நாள் வலி அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்பது நாளும் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், 'பாத்தியா, சொன்னேன்ல' என்று பேசியிருப்பார்கள். மழை இல்லாத 42 நாளில் 20 நாள் வலி அதிகமாக இருந்திருக்கும். அது யாருக்கும் ஞாபகம் இராது, ஏனென்றால் அதில் பேச எதுவும் இல்லை. கணக்கைப் பார்த்தால் மழை நாளில் 50 சதவீதம், மழை இல்லாத நாளில் 48 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். 18-ல் 14 நாள், 42-ல் 12 நாள் என்று வந்தால் அது வேறு கதை, அப்போது அம்மாவுக்கு நிஜமாகவே ஈரக்காலம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ப நடக்கலாம். இரண்டுக்கும் நடுவில் வந்தால் இன்னும் இரண்டு மாதம் எழுதுங்கள். மழை நாளில் அம்மா தோட்டத்துக்குப் போகாமல் சிமெண்ட் தரையில் சம்மணமிட்டுத் தக்காளி தரம் பிரிக்கிறாரா, அன்று எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதையும் நோட்டில் ஓரமாக எழுதி வையுங்கள். என்னிடம் வருகிற முழங்கால்காரர்களில் மழைக்கால வலிக்கு நான் கண்ட காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது: நடை குறைவு, குந்தலும் சம்மணமும் அதிகம்.

அடுத்து உங்கள் தலைவலி. மூட்டைவிடத் தலைவலியில் வானிலைக்குக் கொஞ்சம் அதிக ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் தலைவலி என்று அவசர சிகிச்சைக்கு வந்த 7,054 பேரை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். முந்தைய 24 மணி நேர வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் கூடினால், தலைவலியோடு வருகிறவர்கள் 7.5 சதவீதம் கூடினார்கள். அழுத்தக் குறைவின் பங்கு அதைவிடச் சிறிது, அதுவும் இரண்டு மூன்று நாள் கழித்து, ஒற்றைத் தலைவலி அல்லாத மற்றத் தலைவலிகளில் மட்டும். அதே ஊரில் ஒற்றைத் தலைவலிக்காரர்களைத் தினமும் எழுதச் சொல்லிப் பார்த்த பிந்தைய ஆய்வில், கோடை மாதங்களில் ஈரப்பதம் கூடிய நாள்களில் தலைவலி கூடியது, குளிர் மாதங்களில் கூடவில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாம் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம்? புழுக்கம். உங்கள் கடிதத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது.

உங்களுடையதைப் போன்ற ஆப் ஒன்றை ஜப்பானில் பயன்படுத்துகிற 4,375 பேரின் பதிவுகளை வைத்து 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. அழுத்தக் குறைவு, ஈரப்பதம், மழை மூன்றோடும் தலைவலிக்குத் தொடர்பு தெரிந்தது. அதை நான் பாதிதான் நம்புகிறேன். வானிலையால் தலை வலிக்கிறது என்று ஏற்கெனவே நினைக்கிறவர்கள்தானே அந்த ஆப்பைப் போடுவார்கள்? எச்சரிக்கை மணி அடித்ததும் 'வலிக்குதா?' என்று தலையைத் தடவிப் பார்ப்பவருக்கு வலி சீக்கிரம் தெரியும். ஒற்றைத் தலைவலிக்காரர்களில் ஒரு பகுதியினர் வானிலைக்கு உண்மையாகவே நுணுக்கமாக இருக்கிறார்கள், எல்லோரும் அல்ல என்பதுதான் இந்தத் துறையில் பலரும் ஒத்துக்கொள்கிற நிலை.

புழுக்க நாளில் உங்களுக்கு வேறென்ன நடக்கிறது என்று பாருங்கள். ராத்திரி தூக்கம் சரியில்லை, வியர்த்ததற்கு ஈடாகத் தண்ணீர் குடிக்கவில்லை, ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கக் காலைச் சாப்பாடு போச்சு. இந்த மூன்றும் தலைவலியைக் கிளப்புவதில் அழுத்தத்தைவிடக் கெட்டிக்காரர்கள். நோட்டில் தலைவலி வந்த நேரம், தூங்கிய மணி, சாப்பிட்ட நேரம், போட்ட மாத்திரை ஆகிய நாலையும் எழுதுங்கள். இதில் கடைசியைத்தான் நான் முதலில் படிப்பேன். மெடிக்கலில் வாங்கும் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேலும், பல மருந்து கலந்த மாத்திரையை 10 நாள் அல்லது அதற்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். மாதம் நாலு நாளுக்கு மேல் வேலை கெடுகிறது என்றால், வலி வந்தபின் விழுங்குவதற்குப் பதிலாக வராமல் தடுக்கும் மருந்து பற்றிப் பேச வேண்டிய கட்டம். ஆப்பை மட்டும் இரண்டு மாதத்துக்கு அழித்துவிடுங்கள்.

இப்போது அம்மாவின் இடுப்பு. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான், மழை அல்ல. முழங்கால் வலியோடு இடுப்பும் விறைக்கிறது என்று பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, 'எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?' தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு வெகுவாக மேலே உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் புளோரைடு எலும்பிலும் தசைநார்களிலும் படிந்து, மூட்டு வலியும் முதுகு, கழுத்து விறைப்பும் வரும். ஆரம்பத்தில் இது தேய்மானம் மாதிரியே இருக்கும், மழையின் தலையில் போடுவதும் சுலபம். 'சீதளம்மா, மழைக்காலம் போனா சரியாயிடும்' என்று சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று விஷயத்தை அம்மாவைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். நின்றபடி, முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா. தாடையை நெஞ்சில் படும்படி கவிழ்க்க முடிகிறதா. இரண்டு கையையும் தூக்கிப் பின்கழுத்தில் கோத்துக்கொள்ள முடிகிறதா. வெறும் முழங்கால் தேய்மானத்தில் பின்னிரண்டும் தடைபடாது. கிராமங்களில் புளோரைடு பாதிப்பைத் தேடும்போது செய்கிற சோதனைகள் இவை. முடியவில்லை என்றால் அதுதான் நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எக்ஸ்ரேயில் முன்கை எலும்புகளையும் முதுகையும் பார்த்து, சிறுநீரில் புளோரைடு அளந்துதான் சொல்ல முடியும். பல்லையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பல்லில் காவிக் கறை விழுவது சிறுபிள்ளையாக, பல் உருவாகிற வயதில் அந்தத் தண்ணீர் குடித்தவர்களுக்குத்தான். அம்மா வேறு ஊரில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவர் என்றால் பல் சுத்தமாக இருந்தும் எலும்பில் படிந்திருக்கலாம். அதே வீட்டில் பிறந்து வளர்ந்த உங்கள் பல் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதே என்பீர்கள். குடிக்க அதை வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் களிக்கும் போர் தண்ணீரை ஊற்றுகிற வீடுகள் நிறைய. உலையில் சுண்டச் சுண்டப் புளோரைடு போகாது, இன்னும் அடர்த்தியாகும். காய்ச்சிக் குடிப்பதால் கிருமி சாகும், இது சாகாது. போர் தண்ணீரைக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் புளோரைடு பார்க்கக் கொடுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினைபுரிவதால் கணக்கு தவறலாம்.

காலையில் விறைப்பு ஒரு மணி நேரம் நீடிக்கிறது, கை விரல் கணுக்கள் வீங்குகின்றன என்றால் அது முடக்குவாதத்தின் பக்கம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்துபோய் அதன்பின் வாரக்கணக்கில் மூட்டுகள் வலித்தால் சிக்குன்குனியாவை நினைக்க வேண்டும். மழையில் மூட்டு வலிக்க அதுவும் ஒரு வழி, கொசு மூலமாக. இவை இரண்டும் இல்லாமல், தண்ணீரும் சரியாக இருந்து, எக்ஸ்ரேயில் தேய்மானம் மட்டும்தான் என்றால் மருந்தைவிடத் தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சிதான் முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும், காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். மழை நாளில் நிறுத்தக் கூடாது, அன்றுதான் நடை இல்லை. உட்கார ஒரு முக்காலி போட்டுத் தக்காளி பிரிக்கச் சொல்லுங்கள். வலிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். சந்தையில் பெயர் போடாத பொட்டலமாக விற்கிற மூட்டு மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டென்று சொக்குப்பொடி போட்ட மாதிரி வலி போனால் உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

தலைவலி திடீரென்று இதுவரை இல்லாத உச்சத்தில் இடிபோல் வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை கால் மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ நோட்டும் வேண்டாம், இரண்டு மாதமும் வேண்டாம், அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மற்றபடி தண்ணீர்ப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் அம்மாவை அழைத்து வாருங்கள். அதற்கு இரண்டு மாதம் காத்திருக்கத் தேவையில்லை.